ஆற்றோடு போன ரசீதுகள்

முத்தாரம்மாளைப் பற்றி எழுது என்று எங்கள் அம்மன் கோவில் பெண்கள் சொன்னபோது, அவளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். லாட்ஜில் கூட்டிப் பெருக்குகிறவள். அவளுடைய வீட்டுக்காரர் உச்சிமாகாளி, பத்மநாபசாமி ஊரில் சாலைக் கம்போளம் என்கிற சந்தையில் சுமை தூக்குகிறவர். பணகுடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, சாலைக்குப் பின்னால் எங்கள் வரிசையில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். எனக்கும் அவளுக்கும் ஒரு சுவர்தான் நடுவில். என்னை அவள் மதினி என்றுதான் கூப்பிடுவாள். பிள்ளை இல்லை. செவ்வாய் வெள்ளி தவறாமல் கோவிலுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிப்பாள். எழுத்து தெரியாது. இவ்வளவுதான் அவள் என்று நானும் வெகுகாலம் எண்ணியிருந்தேன். அந்தச் சிங்கப்பூர்க்காரி வந்துபோன பிறகுதான் வேறுவிதமாக எண்ணத் தொடங்கினேன்.

எண்பத்துமூன்றாம் வருஷம் பங்குனி மாசம். சிங்கப்பூரிலிருந்து ஒரு கூட்டம் கோவில் கோவிலாகப் பார்த்துக்கொண்டு வந்து, தம்பானூரில் முத்தாரம்மாள் வேலை பார்த்த லாட்ஜில் தங்கியது. பத்மநாபசாமியைச் சேவித்துவிட்டு மறுநாள் கன்னியாகுமரி போக வேண்டியவர்கள். அதில் ராஜமணி என்று ஒரு அம்மாள், நாற்பது வயதிருக்கும், துணி தைக்கிற பாக்டரியில் வேலை. புருஷன் இல்லை. ஒரே மகள் நர்சிங் படிக்கப் போகிறாள். தையல் கூலியில் மிச்சம் பிடித்து, முருகனுக்கு நேர்ந்துகொண்ட கடனைக் கழிக்க வந்தவள். அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. மறுநாள் காலையில் முத்தாரம்மாள் அறை கூட்டப் போனபோது, அந்த அம்மாளின் கழுத்திலும் முகத்திலும் முத்து முத்தாகப் போட்டிருந்தது.

முத்தாரம்மாள் துடைப்பத்தை வெளியே வைத்துவிட்டு, வாசலில் நின்றே கும்பிட்டாள். அவளுக்கு அது நோய் இல்லை. அம்மன் வந்திருக்கிறாள்.

லாட்ஜ் மானேஜருக்கு அப்படித் தோன்றவில்லை.

"இவிட பற்றில்ல, கேட்டோ. மற்ற ரூம்காரர் அறிஞ்சா எல்லாரும் ஒழிஞ்சு போகும். ஆஸ்பத்திரியில கொண்டாக்கு" என்று, இங்கே இருக்கக் கூடாதென்று மலையாளத்தில் சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. அவருக்கும் மேலே முதலாளி இருந்தார். கூட்டத்தை நடத்தி வந்தவரோ, முப்பது பேருக்கு ராமேஸ்வரம்வரை அறை சொல்லிவைத்திருக்கிறேன் என்று கையைப் பிசைந்தார். ராஜமணியின் பாஸ்போர்ட்டையும் விமான டிக்கெட்டையும் இன்சூரன்ஸ் புத்தகத்தையும் அவள் கையில் கொடுத்து, சிங்கப்பூர் ஆபீசுக்கு அவள் காசில் தந்தி அடித்துவிட்டேன் என்று சொல்லி பஸ் ஏறிவிட்டார். தந்தி அடித்த ரசீதை மட்டும் மறக்காமல் கொடுத்தார்.

"எங்க வீட்டுக்கு வாங்க தாயீ. ஒத்த ரூம்தான். ஆனா வேப்பமரம் உண்டு" என்றாள் முத்தாரம்மாள்.

அப்படித்தான் அந்த அம்மாள் எங்கள் வரிசைக்கு வந்தாள். வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. உச்சிமாகாளி அண்ணன் ஒரு வாரத்துக்கு எங்கள் வீட்டு முற்றத்தில் படுத்துக்கொண்டார். "என் வீட்டுக்கு வந்தது அம்மனா சிங்கப்பூரான்னு தெரியல. எதுவானாலும் வெளிய படுக்கிறது நானாக்கும்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

முதல் நாளே ஒரு தகராறு வந்தது. ராஜமணி பாயில் படுத்தபடியே, "அக்கா, இங்க பக்கத்துல டாக்டர் யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

முத்தாரம்மாள் காதில் விழாதவள்போல வேப்பிலையை உருவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்களத்தான்."

"அம்மா வந்து உக்காந்திருக்கையில டாக்டர் எதுக்கு? இளநி இருக்கு, மோர் இருக்கு. மூணு தண்ணி ஊத்துனா அவளே இறங்கிப் போயிருவா."

"எங்க ஊர்லயும் அம்மனக் கும்பிடுறவங்கதான்க்கா நாங்க. ஆனா கிளினிக்குக்கும் போவோம். இந்த இன்சூரன்ஸ் எடுத்திருக்கேன் பாருங்க, செலவழிச்சத திருப்பித் தருவாங்க. ஆனா டாக்டர் பாத்த சீட்டு வேணும், என்ன சீக்குன்னு எழுதிக் குடுக்கணும். மருந்து வாங்கினா என் பேருல ரிசிட் வேணும். எல்லாம் ஒரிஜினல். எந்தப் பேப்பர் குடுத்தாலும் தூக்கிப் போட்டுராதீங்கக்கா."

"அம்மன் பேர்ல ரிசிட்டு கேட்டா எவன் குடுப்பான்" என்றார் வெளியிலிருந்து உச்சிமாகாளி.

"நீரு சும்மா கிடயும்" என்றாள் முத்தாரம்மாள். ஆனாலும் டாக்டரைக் கூப்பிடப் போகவில்லை.

மறுநாள் மத்தியானம் ராஜமணிக்கு இருமல் கண்டது. சாயங்காலத்துக்குள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. நான் போய் எட்டிப் பார்த்தேன். முத்தாரம்மாள் அம்மன் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"மதினி, இவ ஊரு விட்டு ஊரு வந்து என் பாயில கிடக்கா. இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பொட்டப்பிள்ளைக்கு நான் என்ன சொல்லுவேன்? அம்மாகிட்ட கேட்டேன். அவ ஒண்ணும் சொல்லல. சொல்லலேன்னா வேண்டாம்னு அர்த்தமில்லதானே?"

"வேண்டாம்னா சொல்லியிருப்பா" என்றேன். எனக்கு அதைவிடப் பெரிய பதில் தெரியாது.

இரண்டு பேருமாகப் புறப்பட்டோம். முதலில் போன டாக்டர் வீட்டில், சிக்கன்பாக்ஸ் என்றதும் கதவுக்குப் பின்னாலிருந்தே, வீட்டுக்கு வரமாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். பெரியாஸ்பத்திரியில் வரிசை தெருவரைக்கும் நின்றது. இந்த மூச்சு வாங்குகிறவளைக் கொண்டுவந்து அந்த வரிசையில் எப்படி நிறுத்துவது? பிறகு எனக்கு நினைவு வந்தது. கோட்டைக்குள் அக்கிரகாரத் தெருவில் டாக்டர் சேஷன் இருந்தார். நான் பூ கொடுக்கிற வீடுகளில் ஒன்று அது. அவர் மனைவி லலிதாம்பாள் மாமி நல்ல மாதிரி.

டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான். "மூச்சு விடறச்சே மார் வலிக்கிறதுங்கறாளா?"

"ஆமா சாமி."

"அப்போ இப்பவே வரேன். எனக்கு ஏழு வயசிலேயே வந்து போயிடுத்து, என்னை ஒண்ணும் பண்ணாது. நீங்க முன்னாடி போங்கோ."

அவர் எங்கள் வரிசைக்கு வந்து, வாசலில் வேப்பிலையைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டு, காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முத்தாரம்மாளிடம், "உங்க அம்மன் இருக்கட்டும், நான் அவளைப் போகச் சொல்ல வரலை. இந்த அம்மா நெஞ்சிலே சளி கட்டியிருக்கு, அதை மட்டும் பார்த்துக்கறேன்" என்றார். அந்த ஒரு பேச்சில் அவளுக்கு மனசு இறங்கிவிட்டது.

பெரியவர்களுக்கு இது வந்தால் சில சமயம் நெஞ்சில் போய் இறங்கும், படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். மறுநாள் டாக்சி வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, எக்ஸ்ரே எடுக்கிற இடத்துக்குக் கொண்டுபோனோம். டாக்டரே அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லிவைத்திருந்தார்; மற்ற ஆட்கள் போன பிறகு எடுத்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு, பயப்படாதேங்கோ என்று மருந்து எழுதினார். தினம் ஒரு நர்ஸ் வந்து ஊசி போட்டாள். பழவங்காடி போகிற வழியில் ஞானசிகாமணியின் மருந்துக்கடை. அவர் நாகர்கோவில்காரர். முத்தாரம்மாள் அங்கே போய், ராஜமணி சொல்லிக்கொடுத்தபடி பாஸ்போர்ட்டை நீட்டி, "இதுல உள்ள பேரு இருக்கில்லா, அதையே பில்லுல எழுதணும். தேதி போடணும். மருந்து பேரெல்லாம் தனித்தனியா எழுதி, சீல் குத்தணும்" என்பாள்.

"எம்மா, லாட்ஜ்ல கூட்டுத ஜோலிய விட்டுட்டு கோர்ட்டுல ஜோலிக்குப் போறியா?" என்பார் அவர். ஆனால் கேட்டபடியே எழுதிக் கொடுப்பார்.

டாக்டருக்குக் கொடுத்த பணத்துக்கும் அப்படித்தான். அவரிடம் யாரும் ரசீது கேட்பதில்லை. மேஜையில் வைத்துவிட்டு வருவதுதான் வழக்கம். முத்தாரம்மாள் வைத்துவிட்டு நகராமல் நின்றாள். "என்னம்மா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, மாமியிடம் ரெவின்யூ ஸ்டாம்பு வாங்கி ஒட்டி, அதன்மேல் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

இப்படிச் சேர்ந்த காகிதங்களை முத்தாரம்மாள் எங்கே வைத்தாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர்கள் வீட்டில் பெட்டி ஒன்றுதான், அதற்குப் பூட்டு கிடையாது. கூரை ஒழுகும். எலி உண்டு. வீட்டிலேயே யாரும் கை வைக்காத இடம் எது? அம்மன் படுத்திருக்கிற இடம். ராஜமணியின் தலைமாட்டில், பாய்க்கு அடியில், வேப்பிலைக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தாள். "இதத் தொட எவனுக்கும் துணிச்சல் வராது" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள். எக்ஸ்ரே படம் மட்டும் பெரிசாக இருந்ததால் ஆணியில் தொங்கியது. உச்சிமாகாளி அண்ணன் வாசலில் நின்றபடியே அதை வெளிச்சத்தில் காட்டச் சொல்லிப் பார்த்து, "சிங்கப்பூர்காரிக்கும் நம்மளப் போல எலும்புதானா" என்றார்.

ராஜமணி தேறினாள். மூச்சு சீரானது. முத்துகள் பொருக்குத் தட்டின. முதல் தண்ணீர் ஊற்றினோம், ஒரு நாள் விட்டு இரண்டாம் தண்ணீர். மூன்றாம் தண்ணீர் அன்று காலை, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரில் ராஜமணி முற்றத்தில் ஓலைத்தட்டி மறைப்புக்குள் குளித்துக்கொண்டிருந்தாள். உள்ளே முத்தாரம்மாள் முறைப்படி செய்ய வேண்டியதைச் செய்தாள். பாய், பழைய சேலை, தலைமாட்டு வேப்பிலை எல்லாவற்றையும் உதறாமல் பிரிக்காமல் ஒன்றாகச் சுருட்டிக் கட்டினாள். எங்கள் பக்கத்து வழக்கம் அதுதான். அம்மன் படுத்த பாயைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும்.

நானும் கூடப் போனேன். கரமனை ஆற்றில் மேலே எங்கோ மழை பெய்து தண்ணீர் கலங்கலாக ஓடியது. படித்துறையிலிருந்து ஆள் குளிக்காத பக்கமாகத் தள்ளிப்போய் அவள் கட்டை இறக்கிவிட்டு, "போயிட்டு வா தாயீ, சந்தோசமாப் போ" என்று சொல்லித் திரும்பினாள். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் பாலம்வரை வந்தோம். பாலத்தருகே அவள் நின்றாள். கையை நெஞ்சில் வைத்தாள்.

"மதினி. பேப்பரு."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் முறையை மறந்தேன். நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். கட்டு அப்போது முழுக்க மூழ்கியிருக்கவில்லை. கொஞ்ச தூரத்தில், கரையோரத்து நாணலில் தட்டி நின்றிருந்தது.

"அன்னா நிக்கி. நான் இறங்கி எடுத்துருதேன். விட்டது நீதானே, நான் விடலியே."

அவள் திரும்பவில்லை. ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள்.

"வேண்டாம் மதினி."

"அந்தப் பொம்பள சிறுவாடு பிடிச்ச காசு முத்தாரம்மா. மகளுக்கு பீசு கெட்டணும்னு வச்சிருந்தத எடுத்துல்லா செலவழிச்சிருக்கா."

"தெரியும். அதுக்காவ அம்மாகிட்ட குடுத்தத பிடுங்கப்படாது. பிடுங்குனா வந்தவ மறுபடி எவ வீட்டு வாசல்ல ஏறுவாளோ. உங்க வீட்டுல பேரன் இருக்கான். நான் செஞ்ச தப்புக்கு நான்தான் அலையணும். வாங்க."

நாங்கள் நடந்தோம். அன்று அவள் செய்தது சரியா என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். டாக்டர், நோய் பட்ட பாயை எடுக்காமல் விட்டதே நல்லது என்றார். அது வேறு கணக்கு. அவள் அந்தக் கணக்கைப் போட்டு நிற்கவில்லை. பயந்து நின்றாளா, பக்தியால் நின்றாளா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவளாலும் முடிந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். ராஜமணி ஈரத் தலையோடு புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். சாம்பிராணி போட்டிருந்தது.

"எல்லாமா?" என்றாள்.

"எல்லா ரிசிட்டும். பாஸ்போர்ட்டும் அந்த எலும்புப் படமும்தான் நிக்கி."

ராஜமணி கத்தியிருந்தால் தேவலை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கொடுத்த கஞ்சியைக் குடிக்கவில்லை. "நான்தான் சொன்னேனேக்கா, தூக்கிப் போடாதீங்கன்னு" என்று ஒருமுறை சொன்னாள். உச்சிமாகாளி அண்ணன் வழக்கம்போல ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர்களின் முகத்தைப் பார்த்து, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போனார்.

சாயங்காலம் ராஜமணியே பேச்செடுத்தாள்.

"எங்க பாக்டரில ஒருத்தி பேங்காக் போனப்ப பை காணாமப் போச்சு. போலீஸ்ல எழுதிக்குடுத்து பேப்பர் வாங்கிட்டு வந்தா. இன்சூரன்ஸ்காரன் ஒண்ணும் கேக்கல. நாமளும் பை திருடு போச்சுன்னு எழுதிக் குடுத்துருவோமா? ஆத்துல விட்டோம்னு சொன்னா அந்த இன்சூரன்ஸ் மானேஜர் நம்புவானா அக்கா? சிரிப்பான்."

முத்தாரம்மாள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"எங்க வச்சு திருடு போச்சுன்னு சொல்லுவிய?"

"லாட்ஜ்லன்னு சொல்லலாம்."

"லாட்ஜ்ல ரூம்பாய் சொரிமுத்துதான் இருக்கான். போலீஸ் வந்தா மொதல்ல அவனத்தான் தூக்கும். தமிழ்நாட்டுல இருந்து வந்தவன், கேக்க நாதியில்ல. இங்கன்னு சொன்னா இந்த வரிசையில ஒரு வீடு பாக்கி இருக்காது. வேண்டாம் தாயீ. திருடு போகல. நான் ஆத்துல விட்டேன். அதையே எழுதுங்க. எம்பேரப் போட்டு எழுதுங்க."

"உங்க பேரப் போட்டா காசு வருமா?"

"வராமயும் போவும்" என்றாள் முத்தாரம்மாள். "அதுக்காவ சொரிமுத்துவ அடி வாங்க வைக்க முடியாதுல்லா."

ராஜமணி மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பினாள். ஆனால் அந்த ராத்திரிக் கஞ்சியைக் குடித்தாள்.

மறுநாள் முத்தாரம்மாள் லாட்ஜுக்கு லீவு சொல்லிவிட்டு அலையத் தொடங்கினாள். நானும் பூவைக் கொடுத்துவிட்டுக் கூடப் போனேன். முதலில் மருந்துக்கடை. ஞானசிகாமணி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஆத்துலயா? எம்மா, பில்லுக்கு சீல் குத்தச் சொன்னியே, அந்த சீலு கடலுக்கே போயிருக்குமே."

பிறகு பில் புத்தகத்தை எடுத்தார். கார்பன் வைத்து எழுதுவதால் அடிப்பிரதி அதிலேயே இருந்தது. அதைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதி, மேலே 'டூப்ளிகேட்' என்று போட்டு, பழைய பில் நம்பரையும் தேதியையும் குறித்தார். ஒரு நாள் வாங்கிய லோஷனுக்கும் பஞ்சுக்கும் மட்டும் பில் இல்லை. கடையில் கூட்டமாக இருந்ததால் அன்று முத்தாரம்மாள் கேட்காமல் வந்துவிட்டாள்.

"அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது. வேணும்னா இந்தப் பில்லுல ஒரு டானிக்க சேத்து எழுதட்டா? சரியாப் போகும்" என்றார், உதவி செய்கிற மனசோடுதான்.

"வேண்டாம் அண்ணாச்சி. இல்லாதத எழுதுனா இருக்கதையும் நம்ப மாட்டாவ."

எக்ஸ்ரே எடுத்த இடத்தில் இருந்த பையன் டூப்ளிகேட் எல்லாம் கொடுக்கிற வழக்கம் இல்லை என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்க ஆரம்பித்தான். முத்தாரம்மாள் கையில் கொண்டுபோயிருந்த படத்தை மேஜைமேல் வைத்தாள். அதன் மூலையில் நம்பரும் தேதியும் இருந்தன. உள்ளேயிருந்து முதலாளி வந்து, நம்பரைப் பார்த்து ரிஜிஸ்டரைப் புரட்டி, இன்னாருக்கு இன்ன தேதியில் நெஞ்சுப் படம் எடுத்தோம், இவ்வளவு வாங்கினோம் என்று லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தார். டாக்சிக்காரனைத் தேடித் தம்பானூர் ஸ்டாண்டு முழுக்க நடந்தோம். ஆள் அகப்படவில்லை. தந்தி ஆபீசில், தந்தி அடித்த ஆளே எழுதிக் கேட்க வேண்டும், நாளாகும் என்றார்கள். அந்த இரண்டையும் விட்டுவிட்டோம்.

டாக்டர் வீட்டுக்கு ராஜமணியும் வந்தாள். முகத்தில் தழும்பு கருத்திருந்தது. டாக்டர் தம்முடைய நோட்டைப் பார்த்து, எந்தெந்தத் தேதியில் பார்த்தார், என்ன நோய், என்ன மருந்து, என்ன பீஸ் எல்லாம் இங்கிலீஷில் எழுதினார். இனி மற்றவருக்கு ஒட்டாது, விமானத்தில் போகலாம் என்று தனியாக ஒரு சர்டிபிகேட்டும் கொடுத்தார்.

"டாக்டர், பழைய தேதி போட்டு ஒரிஜினல் மாதிரியே ரிசிட் தர முடியாதா?" என்று ராஜமணி மெல்லக் கேட்டாள்.

"தர மாட்டேன்மா. நகல்னு எழுதி, இன்னிக்குத் தேதி போட்டுத்தான் தருவேன். அப்போதான் அவா எனக்கு லெட்டர் போட்டுக் கேட்டாலும் நான் ஒரே பதிலைச் சொல்ல முடியும்." கொஞ்சம் நிறுத்தி, "ஒரிஜினல் எங்கேன்னு கட்டாயம் கேப்பா. அதுக்கு என்ன சொல்லப் போறேள்?" என்றார்.

ராஜமணி முத்தாரம்மாளைப் பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாளுக்கு அப்போதும் மனசு இரண்டாகத்தான் இருந்தது. கடைசியில், "நடந்ததச் சொல்லிடுறேன் டாக்டர்" என்றாள்.

அங்கேயே எழுதினோம். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். என் கையெழுத்துதான் அதற்கு அமைந்தது. முத்தாரம்மாள் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன்:

"என் பேர் முத்தாரம்மாள். இந்த அம்மாளுக்கு அம்மை கண்டபோது என் வீட்டில் வைத்துப் பார்த்தேன். டாக்டரும் கடைக்காரரும் கொடுத்த ரசீதை நான்தான் வாங்கினேன். பத்திரமாக இருக்கட்டும் என்று அம்மன் பாய்க்கு அடியில் வைத்தேன். மூன்றாம் தண்ணீர் அன்று பாயை ஆற்றில் விடுவது எங்கள் முறை. மறதியாக ரசீதையும் சேர்த்து விட்டுவிட்டேன். இந்த அம்மாளுக்கு அது தெரியாது. அவள்மேல் தப்பு இல்லை."

கீழே பெருவிரலை வைத்தாள். டாக்டர் அடியில் இங்கிலீஷில் மொழிபெயர்த்து, இது தனக்குத் தெரிந்தவரை உண்மை என்று கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். அம்மன் என்றால் என்ன, பாயை ஏன் விடுகிறார்கள் என்றும் இரண்டு வரி சேர்த்தார். லலிதாம்பாள் மாமி காப்பி கொண்டுவந்தாள். முத்தாரம்மாள் டம்ளரைத் தொடாமல், விரலில் இருந்த மையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது போகவில்லை.

ராஜமணி ஊருக்குப் போகிற அன்று முத்தாரம்மாளின் காலைத் தொட வந்தாள். இவள் பதறி விலகினாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழவில்லை. ராஜமணிக்கு மனசில் இன்னும் கொஞ்சம் கசப்பு இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அது இயற்கைதான். மகளுடைய பீஸ் அவள் கண்முன்னால் நின்றது.

அதன் பிறகு முத்தாரம்மாளுக்குத் தூக்கம் போயிற்று. கோவிலில் விளக்குப் போடும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும். டாக்டர் வீட்டுக்கு நான் பூ கொண்டுபோகிறபோதெல்லாம், "கேட்டீயளா மதினி?" என்பாள். ஆனி மாசத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி டாக்டருக்கு எழுதியது. இந்தத் தேதிகளில் பார்த்தது நீங்கள்தானா, இந்தச் சர்டிபிகேட் உங்களுடையதுதானா என்று. மருந்துக்கடைக்கும் ஒன்று வந்ததாம். டாக்டரும் கடைக்காரரும் உடனே பதில் எழுதினார்கள். மறுபடி பேச்சில்லை. கோவிலில் ஆடிக் கொடைத் திருவிழாவும் முடிந்தது.

ஆவணியில் ராஜமணியின் கடிதம் வந்தது. முத்தாரம்மாளுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். டாக்டர் பீஸ், ஊசி, மருந்து, எக்ஸ்ரே எல்லாம் கொடுத்துவிட்டார்கள். டாக்சிக்கும் தந்திக்கும் பில் இல்லாத லோஷனுக்கும் கொடுக்கவில்லை. மகளுக்கு முதல் தவணை பீஸ் கட்டக் கைமாற்று வாங்கியிருந்தாள், அதைத் திருப்பிவிட்டாள். மகள் படிக்கப் போகிறாள். கம்பெனி மானேஜர் சீனராம். கூப்பிட்டு விசாரித்தபோது, எங்கள் பாட்டி வீட்டிலும் இப்படிக் காகிதத்தையெல்லாம் சாமிக்கு எரிப்பார்கள் என்றாராம். அதற்கு மேலே ராஜமணி எழுதியிருந்தாள்: 'திருட்டுப் போச்சு என்று சொல்லியிருந்தால் போலீஸ் பேப்பரை வைத்துத் துருவித் துருவிக் கேட்டிருப்பார்கள் அக்கா. நான் மாட்டிக்கொண்டு விழித்திருப்பேன்.'

உச்சிமாகாளி அண்ணன், "அப்பம் நம்ம ஆத்தாளும் சீனன் ஆத்தாளும் ஒண்ணுவிட்ட அக்கா தங்கச்சியாக்கும்" என்றார்.

முத்தாரம்மாள் சிரிக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மதினி, நான் சொன்னத அவ்வோ நம்பிட்டாவளா?"

"நம்பாமயா காசு குடுத்தான்?"

"டாக்டர் சாமி சொன்னதுக்காவ குடுத்திருப்பாவ. கடைக்காரர் புஸ்தகத்துக்காவ குடுத்திருப்பாவ. நான் கேக்கது அதில்ல. அந்தப் பெருவிரலு வச்ச பேப்பரு, அத யாராவது படிச்சிருப்பாவளா?"

நான் கடிதத்தை மறுபடி எடுத்து, அந்தச் சீன மானேஜர் பாட்டியைப் பற்றிச் சொன்ன வரியைத் தேடி நிதானமாக வாசித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"படிச்சிருக்காரு" என்றாள்.

அன்று ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் அவள் புரண்டு படுக்கிற சத்தமே கேட்கவில்லை.